கடலோர ஓட்டு வீட்டில் கூடல்வாய், சுவரோரம், புகைக்கூண்டு: எந்த இடத்துக்கு எந்தத் தகடு?

மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை பக்கம் சீமை ஓட்டு வீடு ஒழுகினால் முதலில் ஓட்டைத்தான் மாற்றுகிறார்கள். மாற்றியும் ஒழுகும். உடையாத ஓடு, போதிய சரிவில் இருந்தால், தண்ணீரை உள்ளே விடுவது அரிது. இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாய், கூரை சுவரில் முட்டும் ஓரம், கூரையைத் துளைத்து எழும் புகைக்கூண்டு ஆகிய மூன்று இடங்களில்தான் ஓட்டின் வேலை முடிந்து தகட்டின் வேலை தொடங்குகிறது. அங்கே வைக்கும் தகட்டுக்குப் பட்டறைகளில் பிளாஷிங் என்று பெயர். சிமெண்ட், ஜி.ஐ., அலுமினியம், எஸ்.எஸ்., ஒட்டும் டேப் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மூன்று இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது.

முதலில், எப்போது ஒழுகுகிறது என்று பாருங்கள்

வாடைக்காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையில் மட்டும் ஒழுகி, காற்றில்லாத கனமழையில் ஒழுகாவிட்டால் குற்றம் பெரும்பாலும் சுவரோரத்தில். காற்றே இல்லாமல், மழை வலுத்து கால் மணி நேரம் கழித்து ஒழுகினால் கூடல்வாய் அடைத்திருக்கிறது. மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் சொட்டினால் புகைக்கூண்டின் செங்கல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் ரீப்பரைப் பிடித்து, அங்கிருந்து கைமரத்துக்கு இறங்கி, ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வந்துதான் சொட்டும். மரத்தில் ஈரக்கறை எதுவரை மேலே போகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் நுழைவாய் அகப்படும்.

சிமெண்டும் டேப்பும்

சுவரும் ஓடும் சேரும் மூலையில் கொத்தனார் கலவையைச் சாய்வாகப் பூசிவிடுவார். செலவு குறைவு, ஒரு நாள் வேலை. ஆனால் சுவர் நகராது, கைமரமும் ரீப்பரும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் நகரும். இழுபடத் தெரியாத கலவை நடுவில் மாட்டிக்கொண்டு பெரும்பாலும் ஓட்டின் பக்கமாகவே பிளக்கும். மயிரிழைப் பிளவே போதும், அது தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். சிமெண்டைக் கூட்டிப் போட்டால் உறுதி என்று நினைப்பது தவறு. கூடுதல் சிமெண்ட் கூடுதலாகச் சுருங்கும், பிளவு இன்னும் சீக்கிரம் வரும்.

தார் டேப்பும் அலுமினியத் தாள் ஒட்டிய டேப்பும் வெயிலில் கிடந்தால் ஓரத்திலிருந்து சுருண்டு எழும். உப்புத்தூள் படிந்த பரப்பில் ஒட்டவே ஒட்டாது. அந்தப் பரப்பை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே ஒட்ட வேண்டும். மழைக்காலத்தைக் கடத்தும் அவசர வைத்தியமாகவும், தகட்டுக்கு அடியில் இரண்டாம் காவலாகவும் டேப்புக்கு இடம் உண்டு. தகட்டுக்குப் பதிலாக அல்ல.

ஈயத்தகடு வளைந்து கொடுப்பதில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் இந்தக் கடற்கரையில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கும் வீடுகள் இருப்பதால் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஜி.ஐ., அலுமினியம், எஸ்.எஸ். 316

ஜி.ஐ. தகட்டின் ஆயுள் அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சின் ஆயுள்தான். 120 ஜிஎஸ்எம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம், அதாவது ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 மைக்ரான். 275 ஜிஎஸ்எம் என்றால் 19 மைக்ரான். கடுமையான கடலோரக் காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 முதல் 8 மைக்ரான் தேயும் என்பது பன்னாட்டுத் தரநிலைக் கணக்கு. அந்தக் கணக்கில் முதல் வகை ஓரிரண்டு ஆண்டு, இரண்டாவது வகை இரண்டரை முதல் நாலரை ஆண்டு தாங்கும். அதற்குப் பிறகு இரும்பு துருப்பிடித்துப் பொத்தலாகும். வெட்டிய ஓரத்தில் பூச்சே கிடையாது, அங்கே முதல் ஆண்டிலேயே துரு தொடங்கிவிடும். பரமக்குடி, கமுதி பக்கம் 275 ஜிஎஸ்எம் போட்டால் குறை சொல்ல மாட்டேன். அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு இருந்தால் வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கச்சான் காற்று மாதக்கணக்கில் மழையில்லாமல் உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. தகட்டின் திறந்த நடுப்பகுதியை ஐப்பசி மழை கழுவிவிடும். ஓட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஓரத்தை எந்த மழையும் கழுவாது. அதனால் நடுப்பகுதி பளபளவென்று இருக்கும்போதே ஓரம் அரித்துப் போயிருக்கும். கீழே நின்று பார்த்து “தகடு நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வதில் பொருளில்லை. ஓரத்து ஓடு இரண்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

அலுமினியம் உப்புக்காற்றை நன்றாகவே தாங்கும். அதன் எதிரி சிமெண்ட். ஈரமான கலவையின் காரம் பட்ட இடத்தில் வெள்ளை மாவாகப் பூத்து அரிக்கும். சிமெண்டைத் தொட நேரும் பரப்பில் மட்டும் தார் பெயிண்ட் இரண்டு கை அடித்தால் தப்பிக்கலாம். 0.9 மிமீ, அதாவது 20 கேஜ், கையால் வளைக்கவும் வரும், காற்றுக்குப் படபடக்கவும் செய்யாது.

எஸ்.எஸ். வாங்கும்போது 304 வேறு, 316 வேறு. எவர்சில்வர் பாத்திர வகையைச் சேர்ந்த 304 கடலோரத்தில் தேநீர்க் கறைபோல் பழுப்பேறி, உப்பு தங்கும் இடுக்குகளில் ஊசித்துளை விழும். 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது உப்பை மேலும் தாங்கும். கறை அதிலும் ஓரளவு வரும், அது அழகுக் குறைதான். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆலைச் சான்றிதழ் கேளுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரையே மாலிப்டினம் சொட்டுச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். 0.5 மிமீ போதும். சிமெண்ட் அதை ஒன்றும் செய்யாது.

இரண்டு உலோகங்களை ஒட்ட வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் எஸ்.எஸ். தகட்டில் அடித்த ஜி.ஐ. ஆணி ஒரு பருவத்தில் கரைந்துபோகும். பெரிய எஸ்.எஸ். தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறிய அலுமினியத் துண்டுக்கும் அதே கதிதான். மாறாக, அலுமினியத் தகட்டில் ரப்பர் வாஷரோடு எஸ்.எஸ். ஸ்க்ரூ போடலாம். அங்கே கரைய வேண்டிய உலோகம் பரப்பில் பெரியது என்பதால் சேதம் சிறிது.

கூடல்வாய்: ஒரு வீட்டின் கணக்கு

‘ட’ வடிவ வீடு. இரண்டு சரிவும் 30 பாகை. முகட்டிலிருந்து இறவாணம் வரை கிடைமட்டத்தில் 3 மீட்டர். கூடல்வாய் மூலைவிட்டமாக ஓடுவதால் அதன் நீளம் 4.58 மீட்டர். சரிவோ 30 பாகை இல்லை, 22 பாகைதான். ஓட்டின் மேல் விரைந்து ஓடும் தண்ணீர் இங்கே வேகம் குறைந்து குப்பையை இறக்கி வைப்பதற்கு இந்த வித்தியாசமே காரணம்.

இந்தக் கூடல்வாயில் வந்து விழுவது தளப்பரப்பில் 9 சதுர மீட்டர் கூரையின் மழை. மணிக்கு 100 மிமீ பெய்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர், ஒரு குடம் அளவு. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 400 மிமீக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் இதைப்போல் இரண்டு மடங்கு வந்தாலும் ஒரு சாண் அகலப் பள்ளத்துக்கு அது பெரிய தண்ணீர் இல்லை. ஆக, கூடல்வாய் கொள்ளாமல் வழிவதில்லை, அடைத்துத்தான் வழிகிறது. சீமைக் கருவேலத்தின் பொடி இலை, வேப்பிலை, பனைநார் மூன்றும் சேர்ந்து ஓரிடத்தில் அணை கட்டும். தேங்கிய தண்ணீர் பக்கவாட்டில் ஓட்டுக்கு அடியில் ஏறித் தகட்டின் ஓரத்தைத் தாண்டும்.

ஆகவே திறந்த பள்ளம் 120 மிமீக்குக் குறையக் கூடாது. அழகுக்காக இருபக்க ஓட்டையும் நெருக்கி இரண்டு விரல் இடம் மட்டும் விடும் பழக்கம் குப்பைக்குத்தான் வசதி. கை நுழைந்து வழித்தெடுக்க இடம் வேண்டும்.

8க்கு 4 அடித் தகடு ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 610 மிமீ அகலத்தில் 2.44 மீட்டர் துண்டு இரண்டு கிடைக்கும். 150 மிமீ மேலேற்றிப் போட்டால் மொத்தம் 4.73 மீட்டர். கீழே பீலிக்குள் 50 மிமீ நீட்டி, மேலே முகட்டு ஓட்டுக்கு அடியில் 100 மிமீ செருகச் சரியாக இருக்கும். ஒரே தகட்டில் வேலை முடிகிறது. 0.5 மிமீ 316 என்றால் எடை சுமார் 12 கிலோ, 0.9 மிமீ அலுமினியம் என்றால் 7 கிலோ. கடையில் கிலோ விலை கேட்டுப் பெருக்கிக்கொள்ளலாம்.

பட்டறையில் மூன்று மடிப்பு சொல்லுங்கள். நடுவில் 25 மிமீ உயரத்துக்குக் கூரான வரப்பு. இது இல்லாவிட்டால் ஒரு சரிவில் வேகமாக இறங்கும் தண்ணீர் எதிர்ப்பக்க ஓட்டுக்கு அடியில் பாயும். சரிவுகள் சமமில்லாத கூரையில் இதை விட்டுவிடவே கூடாது. இரண்டு ஓரங்களிலும் 15 மிமீ உள்நோக்கிய மடிப்பு, தட்டையாக நசுக்காமல் 5 மிமீ வாய் திறந்திருக்க வேண்டும். ஏறி வரும் தண்ணீரைத் திருப்பி அனுப்புவது இந்த மடிப்புதான். மூன்றிலும் முக்கியமானது இதுவே, பட்டறையில் முதலில் மறப்பதும் இதையே. வரப்புக்கும் மடிப்புக்கும் போக ஒவ்வொரு பக்கமும் 200 மிமீ ஓட்டுக்கு அடியில் இருக்கும்.

தகட்டுக்கு அடியில் பலகை வேண்டும். ரீப்பர்களை வெட்டி நிறுத்தி, அவற்றின் மேல்மட்டத்துக்குச் சமமாகப் பலகை அடித்து, தார் ஃபெல்ட் விரித்து, அதன்மேல் தகட்டைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். தகட்டில் ஆணி கூடாது. ஓரத்து மடிப்பைக் கவ்வும், தகட்டின் அதே உலோகத்தாலான கிளிப்பை 450 மிமீக்கு ஒன்றாகப் பலகையில் அடித்தால் தகடு வெயிலில் நீண்டு சுருங்க இடம் இருக்கும்.

பிறகுதான் ஓடு. சாய்வாக வெட்டிய சின்ன ஓட்டுத் துண்டுகள் நழுவும் என்பதால் கொத்தனார் அவற்றுக்கு அடியில் கலவையைத் திணிப்பார். இந்த ஒரு செயலால் நல்ல தகடும் வீணாகும். கலவை ஓரத்து மடிப்பை அடைத்து, தண்ணீரை உறிஞ்சி மரத்துக்குக் கடத்தும், அலுமினியமாக இருந்தால் அரிக்கவும் செய்யும். துண்டு ஓட்டில் துளை போட்டு எஸ்.எஸ். கம்பியால் ரீப்பரில் கட்டச் சொல்லுங்கள். சாதாரணக் கட்டுக்கம்பி இங்கே நிலைக்காது.

கூடல்வாய்க்கு 316 வாங்குவதுதான் லாபம் என்பேன். தகட்டை மாற்ற இருபுறமும் ஓடு பிரித்து, வெட்டி, மறுபடி அடுக்க வேண்டும். அந்தக் கூலி எந்தத் தகடானாலும் ஒன்றுதான். அடிக்கடி தொட முடியாத இடத்தில் தகட்டு விலையில் மிச்சம் பிடித்து ஆவதில்லை.

சுவரோரம்: அலுமினியம் போதும், ஆனால் இரண்டு துண்டாக

இங்கே உலோகத்தைவிட அமைப்பு முக்கியம். ஒரே தகட்டை ஓட்டிலும் சுவரிலும் இறுகப் பிடித்தால், மரம் நகரும்போது ஏதாவது ஒரு பக்கம் பிய்ந்துவிடும். அடித்தகடு கூரையோடு நகரட்டும், மேல்தகடு சுவரோடு நிற்கட்டும், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சும்மா கவிழ்ந்திருக்கட்டும்.

பக்கச் சுவருக்கு அடித்தகடு 305 மிமீ அகலம்: சுவரில் ஏறுவது 150, கூரைமேல் படிவது 140, ஓர மடிப்பு 15. அந்த 140-இல் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே 50 மிமீ திறந்த ஓடை விடவும், மீதி ஓட்டுக்கு அடியில் போகும். சுவரை ஒட்டிய தகட்டுப் பக்கத்தில் தார் பெயிண்ட். சரிவின் உச்சி சுவரில் முட்டும் இடத்தில் மட்டும் தகடு ஓட்டுக்கு மேலே வரும், 200 மிமீ இறங்கி ஓட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தட்டிப் படிய வைக்க வேண்டும். 150 போதும் என்று சிலர் சொல்வது கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் சரி, வாடை நேராக அறையும் வடகிழக்குச் சுவருக்குப் போதாது.

மேல்தகட்டுக்குச் சுவரில் 25 மிமீ ஆழம் காடி வெட்டுவார்கள். அந்த 25 மிமீ செங்கல்லுக்குள் இருக்க வேண்டும். 20 மிமீ பூச்சுக்குள்ளேயே காடி முடிந்துவிட்டால், பூச்சுக்குப் பின்னால் இறங்கும் தண்ணீர் இரண்டு தகட்டுக்கும் பின்னால் நேராக வீட்டுக்குள் போகும். எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகும் சுவரோரங்களில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பழைய பவளக்கல் சுவரானால் காடி வெட்டும்போது கல் பொரிந்து கொட்டும். அங்கே அரை அடிக்கு ஒரு துண்டாகச் செங்கல்லோ கட்டியான கலவையோ வைத்துக் கட்டி, இறுகிய பிறகு அதில் வெட்டுவது நல்லது.

மேல்தகடு அடித்தகட்டின் மேல் 75 மிமீயாவது கவிழ வேண்டும். காடிக்குள் நுழையும் விளிம்பில் 10 மிமீ மடிப்பு, அலுமினியப் பட்டையைச் சுருட்டிய ஆப்பு, அதன்மேல் பாலியூரிதேன் சீலண்ட். கலவை வைத்து மூடாதீர்கள். சிலிக்கான் வாங்குவதானால் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசம் வந்தால் அது காடிக்காகாது, சிமெண்டில் ஒட்டாது, உலோகத்தையும் அரிக்கும். நியூட்ரல் வகையைக் கேளுங்கள். 2.44 மீட்டர் அலுமினியம் இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 2 மிமீக்கு மேல் நீளும், அதனால் இணைப்பில் 100 மிமீ ஏற்றிப் போடுங்கள், ரிவெட் அடிக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் இடம், ஓடு அதிகம் பிரிக்காமல் மாற்றலாம் என்பதால் இங்கே 316-க்குச் செலவழிப்பது அவசியமில்லை.

புகைக்கூண்டு: நான்கு துண்டு, நான்கு மூலை

600 மிமீ சதுரப் புகைக்கூண்டு என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 900 மிமீ நீளத் தகடு, செங்கல்லில் 150 ஏறி ஓட்டின்மேல் 200 இறங்கும். பிறகு இரு பக்கங்கள், சுவரோர அளவுதான். கடைசியாகப் பின்பக்கம்: 150 மிமீ தட்டைப் பள்ளம், செங்கல்லில் 150 ஏற்றம், மேல் ஓட்டுக்கு அடியில் 250. முன், பக்கம், பின் என்ற வரிசை மாறினால் மேல்துண்டின் தண்ணீர் கீழ்த்துண்டின் அடியில் போய்விடும்.

பின்பள்ளத்தை ஒரு பக்கமாக 25 மிமீ சரித்துவிட்டால் இந்த அளவுக்குப் போதும். 750 மிமீக்கு மேல் அகலமான புகைக்கூண்டுக்கு, உதாரணமாக பேக்கரி அடுப்புக்கு, பின்னால் சின்ன முகடு ஒன்று கட்டித் தண்ணீரை இருபக்கமும் பிரிக்க வேண்டும்.

ஒழுகுவது பெரும்பாலும் பின்பக்க மூலைகள் இரண்டில். மெல்லிய அலுமினியத்தில் அந்த மூலையை வெட்டி மடித்து, ரிவெட் அடித்து, சீலண்ட் பூசித்தான் மூடுவார்கள். சீலண்ட் வெயிலில் போனதும் மூலை திறக்கும். 316-ஐ ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டி ஒரே கிண்ணம்போல் பட்டறையிலேயே செய்து வாங்கலாம், மூலையில் சீலண்டுக்கே வேலை இல்லை. அதனால் புகைக்கூண்டுக்கு நான்கு பக்கமும் 316. பின்பக்கம் மட்டும் 316, மற்றது அலுமினியம் என்று கலக்க வேண்டாம், அவை ஒன்றையொன்று தொடும்.

தகடு எல்லாம் சரியாக இருந்தும் மழை விட்ட பிறகு சொட்டினால் மேலே பாருங்கள். புகைக்கூண்டின் தலையில் காங்கிரீட் மூடி விளிம்பு 40 மிமீயாவது வெளியே நீண்டு, அடியில் நீர்வடி காடியோடு இருக்க வேண்டும். மூடி பிளந்திருந்தால் தண்ணீர் செங்கல் வழியே தகட்டுக்குப் பின்னால் இறங்குகிறது. அதற்குத் தகடு மாற்றிப் பயனில்லை, மூடியும் பூச்சும்தான் மருந்து.

பணம் போதாவிட்டால்

கூடல்வாயும் அலுமினியமே போடலாம், ஓட்டுக்கு அடியில் கலவை தொடாமல் பார்த்துக்கொண்டால். புகைக்கூண்டில் அலுமினியம் போட்டால் பின்மூலைச் சீலண்டை ஆண்டுதோறும் புரட்டாசியில் பார்த்துப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அடுப்பு காஸுக்கு மாறி, புகைக்கூண்டு சும்மா நிற்கிறது என்றால் ஓட்டு மட்டத்துக்குக் கீழே இடித்து ஓட்டால் மூடிவிடுவது எல்லாவற்றையும்விட மலிவு.

வேலை முடிந்ததும் கூலி கொடுக்கும் முன் குழாயைத் திறந்து சோதியுங்கள். கீழ் ஓரத்தில் தொடங்கி ஓரிடத்துக்குக் கால் மணி நேரம், படிப்படியாக மேலே. உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு விட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சுவரோரத்துக்கு மட்டும் தண்ணீரை மேலிருந்து விழவிடாமல் பக்கவாட்டில் பீய்ச்சுங்கள், வாடை மழை அப்படித்தான் வரும்.